எதிரெதிர்ப் பத்திகள்: எந்த ஜோடி, எந்தக் கேள்வி?

ஒரே சிக்கலைப் பற்றி எதிரெதிர்க் கருத்துச் சொல்லும் இரண்டு பத்திகளைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்துப் படித்தால் மட்டுமே விடை சொல்ல முடிகிற கேள்விகளைக் கேட்பது ஒரு நல்ல வாசிப்புப் பயிற்சி. பதினொன்றாம் வகுப்புத் தமிழுக்கு இதைக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. எப்படிப்பட்ட இரண்டு பத்திகளை ஜோடி சேர்ப்பது, அவற்றை வைத்து எப்படிப்பட்ட கேள்வி கேட்பது என்ற இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததை, இதே வேலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

தலைப்பு பற்றி அதிகம் யோசிக்கவில்லை. சீமைக்கருவேலம். மதுரையிலிருந்து திருமங்கலம், திருச்சுழி, மானாமதுரை என்று எந்தப் பக்கம் பேருந்தில் போனாலும் கண்ணில் படுகிற மரம். அதை அகற்ற வேண்டும் என்பவர்களும், அதை நம்பிப் பிழைப்பவர்களும் ஒரே ஊரில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னது. அதே ஆண்டு சென்னையில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. இரண்டு பக்கமும் சொல்வதற்கு உண்மையான விஷயம் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் பேருக்கு நிற்பதாகவும் இருக்கும் தலைப்பு இந்தப் பயிற்சிக்கு உதவாது.

எங்கள் முன் மூன்று ஜோடிகள் இருந்தன.

முதல் ஜோடி நேருக்கு நேர் மோதல். ஒருவர் "அடியோடு அகற்று" என்கிறார், மற்றவர் "கை வைக்காதே" என்கிறார். இதன் நன்மை, யார் எந்தப் பக்கம் என்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு பத்தியின் மையக் கருத்து எது, அதற்குச் சொல்லும் காரணம் எது என்று பிரித்துக் காட்டுவதற்கு இது போதும். ஆனால் இரண்டு பத்தியையும் சேர்த்துக் கேள்வி கேட்கப் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. "இவர் வேண்டாம் என்கிறார், அவர் வேண்டும் என்கிறார்" என்பதைத் தாண்டி மாணவர் எழுத எதுவும் இல்லை. பத்திகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருக்கும்.

இந்த ஜோடிக்குப் பத்திரிகைகளிலும் கைபேசிச் செய்திகளிலும் ஏராளமான பொருள் கிடைக்கும். அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரத்தை இந்த மரம் உறிஞ்சிவிடுகிறது, இது இருக்கும் ஊரில் மழையே பெய்யாது என்பது போன்ற ஆதாரமற்ற பேச்சு பல ஆண்டுகளாகப் பரவிக் கிடக்கிறது. வாசிப்புத் தேர்வில் நாம் கேட்பது "ஆசிரியர் என்ன சொல்கிறார்" என்பதைத்தான், "அது சரியா" என்பதை அல்ல என்று ஒரு வாதம் உண்டு. அதனால் தவறான செய்தி உள்ள பத்தியையும் கொடுக்கலாம் என்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். தேர்வில் படித்ததைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும். பாடப்புத்தகத்துக்கு இருக்கும் மரியாதையை வினாத்தாளுக்கும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது ஜோடியில் இருவரும் பெரும்பாலும் ஒரே உண்மைகளை ஒப்புக்கொள்கிறார்கள். எதற்கு எவ்வளவு எடை என்பதில்தான் பிரிகிறார்கள். மூன்றாவது ஜோடியில் ஒன்று தாவரவியல் குறிப்பு: அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்ட மரம், வேர் மிக ஆழம் போகும், நெற்றில் சர்க்கரைச் சத்து அதிகம் என்று தகவல் சொல்லும். மற்றொன்று விறகு வெட்டிய காலத்தைப் பற்றி ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்பு. படிக்க இந்த மூன்றாவதுதான் சுவையாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை. ஒன்று விளக்குகிறது, மற்றொன்று நினைவுகூர்கிறது. "முதல் ஆசிரியர் இரண்டாமவருக்கு என்ன பதில் சொல்வார்" என்று கேட்டால், அவர் பதில் சொல்லும் இடத்திலேயே இல்லை. நடை வேறுபாடு, சான்றின் வகை வேறுபாடு ஆகியவற்றைக் கற்பிக்க வைத்துக்கொள்ளலாம். எதிர்க் கருத்துகளை ஒப்பிடுவதற்கு அல்ல.

ஆகவே இரண்டாவது ஜோடி. அதை நாங்களே எழுதினோம். கேள்வியில் சுட்டுவதற்காக வாக்கியங்களுக்கு எண் கொடுத்திருக்கிறோம்.

முதல் பத்தி: (1) கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இன்று சீமைக்கருவேலம் நிற்கிறது. (2) வரத்துக்கால்வாய் நெடுக அது அடைத்துக்கொண்டிருப்பதால், மழை பெய்தாலும் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேர்வதில்லை; மடையைத் திறக்கப் போவதற்குக்கூட வழியில்லை. (3) ஏலம் எடுத்தவர்கள் மேல்மரத்தை வெட்டிக்கொண்டு போகிறார்கள்; அடுத்த மழைக்கே தூரிலிருந்து துளிர்த்துவிடுகிறது. (4) ஆகவே வெட்டுவது வீண், இயந்திரம் வைத்துத் தூரோடு பிடுங்க வேண்டும். (5) இந்த மரத்தில் கரி போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருப்பதை நான் மறுக்கவில்லை. (6) ஆனால் கண்மாய் பெருகினால் நடவும் அறுப்பும் நடக்கும்; அவர்களுக்கும் வயலில் வேலை கிடைக்கும்.

இரண்டாம் பத்தி: (1) மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் அடுப்பெரிந்தது இந்த மரத்தால்தான். (2) வயலில் ஒரு நாள் கூலியும் இல்லாத மாதங்களில், விறகு வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். (3) கண்மாய்க்குள் மரம் அடைத்து நிற்பது நல்லதல்ல என்று எங்களுக்கும் தெரியும். (4) ஆனால் நிலத்தடி நீர் இறங்கியதற்கு மரத்தை மட்டும் குற்றம் சொல்பவர்கள், ஊரைச் சுற்றிப் போட்ட ஆழ்துளைக் கிணறுகளை ஏன் கணக்கில் எடுப்பதில்லை? (5) மரத்தைப் பிடுங்கிய இடத்தில், ஆட்டுப் புழுக்கையில் வந்த விதை மறுபடியும் முளைக்கிறது; பிடுங்கியவர்கள் திரும்பி வருவதில்லை. (6) தரிசில் நிற்கும் மரத்தையாவது, வேறு பிழைப்புக் கிடைக்கும்வரை விட்டுவையுங்கள்.

இரண்டும் ஆறு வாக்கியம், ஏறத்தாழ ஒரே நீளம். இது தற்செயல் அல்ல. ஒரு பத்தி நீளமாக இருந்தாலோ, ஒன்றில் மட்டும் எண்களும் புள்ளிவிவரமும் இருந்து மற்றொன்றில் உணர்ச்சி மட்டும் இருந்தாலோ, பிள்ளைகள் படிக்கும் முன்பே பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதனால் இரண்டிலும் எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டிலும் சொந்தக் கண்ணால் பார்த்த சான்றுகள்தான். இரண்டிலும் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்கும் ஒரு வாக்கியம் உண்டு: முதலில் ஐந்தாவது, இரண்டாவதில் மூன்றாவது. அந்த விட்டுக்கொடுக்கும் வாக்கியம் இல்லாவிட்டால் இந்த ஜோடியும் முதல் ஜோடியாகிவிடும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பத்திகளுக்கு இடையே இருக்கும் உறவைச் சொல்ல நம்மிடம் நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. நன்னூலின் எழுவகை மதத்தில் உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு என்பவை வருகின்றன. மூன்றாவது, எதிராளியின் கொள்கையை முதலில் ஏற்பதுபோல் ஏற்றுப் பிறகு அதைக் களைவது. முதல் பத்தியின் ஐந்தாம் ஆறாம் வாக்கியங்கள் செய்வது ஏறத்தாழ அதைத்தான். இலக்கணப் பாடத்தில் மனப்பாடமாகக் கிடக்கும் இந்தப் பெயர்களை இங்கே எடுத்துப் பயன்படுத்தச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள். இவற்றோடு நாங்கள் சேர்த்துக்கொண்ட ஒன்று, மௌனம். ஒருவர் பேசுகிற விஷயத்தைப் பற்றி மற்றவர் ஒன்றுமே சொல்லாமல் இருப்பது. மாணவர்கள் மிக அதிகமாகச் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"இரண்டாம் பத்தியின் நான்காவது வாக்கியம் முதல் பத்தியின் எந்தக் கருத்தை மறுக்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முதல் பத்தியின் முதல் வாக்கியத்தையோ இரண்டாவதையோ எழுதுவார்கள். விடை: எதையும் மறுக்கவில்லை. முதல் பத்திக்காரர் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் பேசுவது மேலே ஓடிவரும் தண்ணீரை, கால்வாய் அடைபட்டதை. சீமைக்கருவேலம் என்றதும் "நிலத்தடி நீரை உறிஞ்சும்" என்பது பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து தெரியும். அதைப் பத்திக்குள் தாங்களாகவே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "டீச்சர், முதல் பத்திக்காரர் நிலத்தடி நீர்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே, அப்ப இவர் யாருக்குப் பதில் சொல்றார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே அடுத்த தேர்வில் வைத்துவிட்டோம். அவர் ஊரில் பரவலாகப் பேசப்படும் வாதத்துக்குப் பதில் சொல்கிறார், இந்தப் பத்திக்கு அல்ல. எதிரெதிராக அச்சிட்டிருப்பதாலேயே ஒவ்வொரு வாக்கியமும் மற்றதற்குப் பதில் என்று ஆகிவிடாது.

தரிசு நிலமும் அப்படித்தான். இரண்டாம் பத்தி தரிசில் நிற்கும் மரத்தை விட்டுவைக்கச் சொல்கிறது. முதல் பத்தி அதை எதிர்க்கிறதா? அது கண்மாயையும் வரத்துக்கால்வாயையும் தாண்டிப் போகவே இல்லை. எதிர்க்கிறது என்று எழுதினால் தவறு, ஆதரிக்கிறது என்று எழுதினாலும் தவறு. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வின் வாசிப்புப் பகுதியில் ஆம், இல்லை என்ற விடைகளோடு "சொல்லப்படவில்லை" என்ற மூன்றாவது விடையும் வைத்திருப்பது இதற்காகத்தான். இதை ஏற்றுக்கொண்டதும் இன்னொன்றும் தெளிவாகிறது: கண்மாய்க்குள் நிற்கும் மரம் கூடாது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. மோதல் நாம் முதலில் நினைத்ததைவிடச் சிறியது, ஆனால் கூர்மையானது.

அடுத்து, கேள்வியின் வடிவம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதா, எழுத வைப்பதா? வெளிநாட்டுத் தேர்வுகள் இரண்டு வழியிலும் போகின்றன. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் 2007 முதல் வாசிப்புப் பகுதிகளில் ஒன்று இரண்டு பத்திகளின் ஜோடியாக வருகிறது. எல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காகக் கணினியில் எழுதும் இன்றைய எஸ்.ஏ.டி தேர்வில் இரண்டு சிறு பத்திகளுக்கு ஒரே ஒரு கேள்வி; பெரும்பாலும் "இரண்டாமவர் முதலாமவர் கருத்துக்கு எப்படிப் பதில் சொல்வார்" என்ற மாதிரி. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி ஆங்கில மொழித் தேர்விலோ ஆறு மூலங்களைக் கொடுத்து, குறைந்தது மூன்றைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் இவற்றுக்கும் தயாராகிறார்கள், ஆனால் அதை வைத்து நாங்கள் முடிவு செய்யவில்லை. எந்த வடிவம் எதைச் சோதிக்க முடியும் என்பதைத்தான் பார்த்தோம்.

தேர்ந்தெடுக்கும் கேள்வி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரண்டு பத்தியும் எப்படி உரசுகின்றன என்பதைத் துல்லியமாகச் சோதிக்கும். ஒன்றைப் பார்ப்போம். "முதல் பத்தியின் ஆறாம் வாக்கியத்துக்கு இரண்டாம் பத்தி ஆசிரியர் என்ன சொல்லக்கூடும்?"

(அ) வயல் வேலையில் கூலி மிகக் குறைவு.
(ஆ) மழையே பொய்த்த ஆண்டில் அந்த வேலை இருக்காது.
(இ) கண்மாய்க்குள் மரம் நிற்பதால் கெடுதல் எதுவும் இல்லை.
(ஈ) நிலத்தடி நீர் இறங்கியதற்கு ஆழ்துளைக் கிணறுகளும் காரணம்.

விடை (ஆ). முதல் பத்தியின் வாதம் கண்மாய் பெருகும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இரண்டாம் பத்தி தொடங்குவதே மழை பொய்த்த ஆண்டில். கால்வாயைச் சுத்தமாக வைத்திருந்தாலும் வானம் பொய்த்த வருடத்தில் நடவு ஏது? இரண்டாம் பத்திக்காரர் இதை நேராக எழுதவில்லை. அவருடைய முதல் இரண்டு வாக்கியங்களிலிருந்து மாணவர் தானாகக் கட்டி எடுக்க வேண்டும்.

தவறான விடைகளை எழுதுவதில்தான் ஆசிரியரின் உழைப்பு முழுவதும் போகும். (அ) இரண்டு பத்தியிலும் இல்லாதது. உலக அனுபவத்திலிருந்து உண்மைபோல் தோன்றும். (இ) அவர் மூன்றாம் வாக்கியத்தில் சொன்னதற்கு நேர் எதிர். எதிர்த்தரப்பு என்றாலே எல்லாவற்றையும் எதிர்க்கும் என்று நினைப்பவர்கள் இதில் விழுவார்கள். (ஈ) தான் முக்கியமான பொறி. அவர் உண்மையாகவே சொன்ன கருத்து அது, ஆனால் கேட்ட வாக்கியத்துக்கு அது பதில் இல்லை. நன்றாகப் படிக்கிற மாணவர்கள் "இது பத்தியில் இருக்கிறதே" என்று இதைத் தேர்ந்தெடுப்பார்கள். (ஈ)-யைத் தேர்ந்தெடுப்பவருக்கும் (அ)-வைத் தேர்ந்தெடுப்பவருக்கும் கற்பிக்க வேண்டியது வேறு வேறு. முன்னவருக்குப் பத்தி புரிந்திருக்கிறது, பத்திகளுக்கிடையே இருக்கும் தொடர்பு புரியவில்லை. பின்னவர் பத்திக்குள்ளேயே நிற்கவில்லை. விடைத்தாள் திருத்தும்போது மதிப்பெண்ணை மட்டும் கூட்டாமல், யார் எந்தத் தவறைத் தேர்ந்தெடுத்தார் என்று குறித்துக்கொண்டால் அடுத்த வாரப் பாடம் தானாகவே தயாராகிவிடும்.

கேள்வி தயாரானதும் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒரு பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு விடை சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அது ஒப்பீட்டுக் கேள்வி அல்ல, ஒற்றைப் பத்திக் கேள்வி வேடம் போட்டு வந்திருக்கிறது. "இரண்டு ஆசிரியர்களில் யார் ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிப் பேசுகிறார்?" என்பது போன்ற கேள்விகள் இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும். மேலே உள்ள கேள்வி இரண்டு பக்கமும் தாங்குகிறது: முதல் பத்தி இல்லாமல் எதற்குப் பதில் என்று தெரியாது, இரண்டாவது இல்லாமல் என்ன பதில் என்று தெரியாது.

ஆனால் தேர்ந்தெடுக்கும் கேள்வியால் செய்ய முடியாத ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்து, இரண்டிலும் தனியாக இல்லாத ஒரு முடிவுக்கு வருவது. அந்த முடிவை நாமே நான்கு விடைகளில் ஒன்றாக எழுதிக் கொடுத்துவிட்டால், கண்டுபிடிக்கும் வேலை மாணவருக்கு மிச்சமில்லை. அதற்கு எழுதும் கேள்விதான் வேண்டும். நாங்கள் வைத்தது இது: "வெட்டினாலும் பிடுங்கினாலும் மரம் திரும்ப வருகிறது என்பதை இரு ஆசிரியர்களும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? இருவர் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால் கண்மாயைச் சுத்தப்படுத்த என்ன செய்ய வேண்டும்?"

இந்தக் கேள்வியில் என்ன புதைந்திருக்கிறது என்று பாருங்கள். இருவரும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று முதலில் தோன்றும். ஒருவர் அதிலிருந்து "ஆகவே தூரோடு பிடுங்கு" என்கிறார், மற்றவர் "ஆகவே பிடுங்கியும் பயனில்லை" என்கிறார். இதைக் கண்டுபிடித்தாலே பாதி மதிப்பெண். ஆனால் இன்னும் ஒரு படி உள்ளே போனால் அவை இரண்டு உண்மைகள். முதல் பத்தி பேசுவது வெட்டிய தூரிலிருந்து வரும் துளிர். இரண்டாம் பத்தி பேசுவது கால்நடை வழியாக வரும் விதை. நெற்றைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கிறது. தூரோடு பிடுங்கினால் துளிர்ப்பது நிற்கும், விதை முளைப்பது நிற்காது. அப்படியானால் பிடுங்குவது தேவை, ஆனால் போதாது. பிடுங்கிய இடத்துக்கு மழைக்குப் பிறகு திரும்பத் திரும்ப வந்து, கன்றாக இருக்கும்போதே பிடுங்கிப் போட ஆள் வேண்டும். இந்த முடிவு முதல் பத்தியில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை.

சில பிள்ளைகள் இதற்கும் மேலே போய், அந்தக் கன்று பிடுங்கும் வேலையையே கரிமூட்டத்தை விட வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். இதை ஏற்கலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. பத்தியில் இல்லாத யோசனை, சொந்தக் கருத்து என்று ஒருவர் சொன்னார். நான் முழு மதிப்பெண் தரலாம் என்றேன். "பிடுங்கியவர்கள் திரும்பி வருவதில்லை" என்பதையும் "வேறு பிழைப்புக் கிடைக்கும்வரை" என்பதையும் பொருத்தியதால் வந்த யோசனை அது. எந்த வாக்கியங்களிலிருந்து வந்தது என்று மாணவர் எண்ணோடு காட்ட முடிந்தால் அது வாசிப்பு. காட்ட முடியாவிட்டால் சொந்தக் கருத்து. இந்த அளவுகோலை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.

எழுதும் விடையில் தவறு இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, "முதல் பத்தி இப்படிக் கூறுகிறது, இரண்டாம் பத்தி இப்படிக் கூறுகிறது" என்று இரண்டு சுருக்கங்களை ஒட்டிவைப்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: விடையை நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு துண்டும் தனித்தனியே முழுமையாக நின்றால் ஒப்பீடு நடக்கவில்லை. நடந்திருந்தால் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு ஆசிரியர்களும் வந்திருப்பார்கள்.

இன்னொன்று மதுரைக்காரர்களான நமக்கு இரத்தத்தில் ஊறியது. பட்டிமன்ற நடுவர்போல, இரண்டு பக்கத்தையும் பாராட்டிவிட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவது. அல்லது "பாதி மரத்தை வெட்டலாம், பாதியை விடலாம்" என்று சமாதானம் செய்துவைப்பது. பாதி என்று இரண்டு பத்தியும் எங்கேயும் சொல்லவில்லை. எந்த இடத்து மரம், எப்போது வரை என்றுதான் இரண்டாம் பத்தி சொல்கிறது. நடுவில் கோடு கிழிப்பது சேர்த்துச் சிந்திப்பது ஆகாது. தீர்ப்புச் சொல்ல ஆசைப்படும் பிள்ளைகளுக்கு "நீங்கள் யார் பக்கம்?" என்று தனியாக ஒரு கேள்வி வைத்துவிட்டோம். வீட்டில் கரிமூட்டம் போடும் பிள்ளைக்கும், கண்மாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் பிள்ளைக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அதை அடைத்து வைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அதை ஒப்பீட்டுக் கேள்வியின் விடைக்குள் கலக்க விடக் கூடாது. அதனால் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தோம். முதலில் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு அந்தக் கண்ணாலேயே மற்ற எல்லாவற்றையும் படிப்பார்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு: எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு நேர் மோதல் ஜோடி, அதோடு தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மட்டும். பதினொன்றாம் வகுப்புக்கு எடை வேறுபடும் ஜோடி. அதில் மௌனத்தைச் சோதிக்க ஒரு கேள்வி, பதில் சொல்வதைச் சோதிக்க ஒன்று, இரண்டும் தேர்ந்தெடுக்கும் வகை. பிறகு ஐந்து மதிப்பெண்ணுக்கு ஓர் எழுதும் கேள்வி. அந்த ஐந்தில் பொதுவான இடத்தைக் காட்டினால் ஒன்று, பிரியும் இடத்தைக் காட்டினால் இரண்டு, இரண்டையும் சேர்த்தால் மட்டும் கிடைக்கும் முடிவுக்கு இரண்டு. முதல் ஜோடியை வைத்து இந்தக் கடைசி இரண்டு மதிப்பெண்ணை யாராலும் எடுக்க முடியாது. எங்கள் தேர்வை முடிவு செய்தது அதுதான்.

அச்சிடும்போது கவனிக்க ஒன்று. இரண்டாவதாக வரும் பத்திதான் கடைசி வார்த்தை பேசுகிறது, அதற்குத் தனி பலம் உண்டு. அதனால் பாதித் தாள்களில் பத்திகளின் வரிசையை மாற்றி அச்சிடுகிறோம். அப்படிச் செய்தால் கேள்விகளில் "முதல் பத்தி", "இரண்டாம் பத்தி" என்று எழுத முடியாது. "கண்மாய்ப் பத்தி", "கரிமூட்டப் பத்தி" என்று பெயர் வைத்துத்தான் சுட்ட வேண்டும். விடைக்குறிப்பில் வாக்கிய எண்ணுக்கு முன்னாலும் இந்தப் பெயர்களையே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் திருத்தும்போது பாதிக் கட்டுத் தாளில் எண்கள் தலைகீழாகிவிடும்.